ஏற்காடு தோட்டத்துக்கு உங்கள் பதில், மூன்று நடையில்

சார், வணக்கம். நாகலூர் தோட்டக்காரருக்கு நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய பதிலை மூன்று நடையில் தமிழாக்கிக் கீழே தந்திருக்கிறேன். கணக்கும் தேதியும் மூன்றிலும் ஒன்றேதான். ஏதாவது ஒன்றை முழுசாக எடுத்து அனுப்புங்கள். ஒன்றிலிருந்து ஒரு வரி, இன்னொன்றிலிருந்து ஒரு வரி என்று ஒட்டினால் "தாங்கள்" என்று தொடங்கி "பாத்துச் சொல்லுங்க" என்று முடியும். நக்கல் மாதிரி இருக்கும்.

மரியாதை நடை

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் அனுப்பிய 12 மூட்டை (600 கிலோ) அராபிகா பார்ச்மென்ட் காப்பி ஜனவரி 6 அன்று வந்து சேர்ந்தது. 8 மூட்டைகளில் ஈரப்பதம், பேசியபடி 11 சதவீதத்துக்குள் உள்ளது. மற்ற 4 மூட்டைகளில் (200 கிலோ) 13.5 சதவீதம் காட்டுகிறது. இந்நிலையில் இருப்பு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். எங்கள் களத்தில் 11 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை சுமார் 194.4 கிலோவாகக் குறையும். உலர்ந்த எடைக்கே தொகை வழங்க இயலும். தாங்களே உலர்த்த விரும்பினால் மூட்டைகளைத் திருப்பி அனுப்புகிறோம். தங்கள் முடிவை ஜனவரி 10-க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். 8 மூட்டைகளுக்கான தொகை ஜனவரி 12-க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.

பொது நடை

வணக்கம். 12 மூட்டையும் ஜனவரி 6 அன்று வந்துவிட்டன. 8 மூட்டை சரியாக இருக்கிறது. அதற்கான பணத்தை ஜனவரி 12-க்குள் கணக்கில் போட்டுவிடுகிறோம். 4 மூட்டையில் (200 கிலோ) ஈரம் 13.5 சதவீதம்; பேசியது 11. அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் உலர்த்தினால் சுமார் 194.4 கிலோ நிற்கும், அந்த எடைக்குப் பணம் தருகிறோம். இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறோம். எது வசதி என்று ஜனவரி 10-க்குள் சொல்லுங்கள்.

நட்பு நடை

அண்ணா, வணக்கங்க. சரக்கு 6-ஆம் தேதியே வந்துருச்சு. 8 மூட்டை நல்லா காஞ்சிருக்கு, அதுக்கான பணம் 12-ஆம் தேதிக்குள்ள, பொங்கலுக்கு முன்னாடியே போட்டுடறோம். 4 மூட்டைதான் (200 கிலோ) ஈரம் 13.5 காட்டுதுங்க, நாம பேசுனது 11. அப்படியே வெச்சா பூஞ்சை புடிச்சிரும். நாங்களே களத்துல காயப்போட்டா 194.4 கிலோ பக்கம் நிக்கும். நிக்கிற எடைக்குப் பணம் தர்றோம். நீங்களே காயவைக்கறதுன்னா திருப்பி அனுப்பிடறோம். 10-ஆம் தேதிக்குள்ள பாத்துச் சொல்லுங்கண்ணா.

நட்பு நடை என்பதற்காக "நீ" போட்டுவிடாதீர்கள். சேலத்துப் பக்கம் அந்த "ங்க"தான் நெருக்கம், மரியாதை இரண்டும். அவர் உங்களைவிட இளையவர் என்றால் "அண்ணா"வை எடுத்துவிட்டு "வணக்கங்க", "சொல்லுங்க" என்று மட்டும் வையுங்கள். "பொங்கலுக்கு முன்னாடி" நான் சேர்த்தது, உங்கள் மூலத்தில் இல்லை. 12-ஆம் தேதி உறுதியில்லை என்றால் நீக்கிவிடுங்கள், கூலி கொடுக்க அவர் அதை நம்பியிருப்பார்.

எடைக் குறைவை "பிடித்தம்" என்று எங்கும் எழுதவில்லை. அது அபராதம் மாதிரிப் படும். போவது தண்ணீரின் எடைதான். இதுவரை போனில் மட்டும் பேசியவர் என்றால் பொது நடை போதும். விலையில் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தால் முதலாவது.