சிறுதானியமும் இரத்தச் சர்க்கரையும்: ஆய்வு முறை பற்றிச் சில கேள்விகள்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைதராபாத்தில் உள்ள பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் தலைமையில் 2021-இல் வெளியான, சிறுதானியம் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை குறையும் என்று சொல்லும் ஆய்வைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நீண்ட ஆங்கில ஆராய்ச்சியைப் பக்கமே புரட்ட முடியாதவர்களுக்கும் எட்டும்படி எழுதியிருக்கிறீர்கள். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டை விளக்கிய பகுதியை, என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களுக்குப் படித்துக்காட்ட எடுத்து வைத்திருக்கிறேன். நான் தர்மபுரிப் பக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஆகவே கீழே கேட்பவை அன்றாட வேலையிலிருந்து எழும் சந்தேகங்கள். உங்கள் முடிவை மறுப்பதற்காகக் கேட்கவில்லை.

முதலில் எண்ணிக்கை. 80 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் 65 ஆய்வுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றிணைத்தார்கள், பங்கேற்றவர்கள் ஏறத்தாழ 1,000 பேர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆயிரம் என்றதும் மனதில் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் ஆயிரத்தை 65-ஆல் வகுத்தால் ஓர் ஆய்வுக்குச் சராசரி பதினைந்து பேர்தான் வருகிறார்கள். அந்தப் பதினைந்திலும் சிறுதானியம் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால் எண்ணிக்கை இன்னும் சுருங்கிவிடும். ஒவ்வோர் ஆய்விலும் எத்தனை பேர் என்ற விவரம் மூலக் கட்டுரையின் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஆட்கள் குறைவு என்பதையே குறையாக நான் சொல்லவில்லை. சென்னையில் நடந்து 2014-இல் வெளியான பழுப்பரிசி ஆய்வில் பங்கேற்றவர்கள் 15 பேர்தான். ஆனால் அதில் ஒவ்வொருவரும் வெள்ளையரிசியும் பழுப்பரிசியும் மாறிமாறிச் சாப்பிட்டார்கள். தொடர் சர்க்கரை அளவீட்டுக் கருவியைப் பொருத்தி நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். தனக்குத் தானே ஒப்பீடாக ஒருவர் இருக்கும்போது பதினைந்து பேர் சொல்வதற்கும் எடை உண்டு. நீங்கள் சுருக்கித் தந்த 65 ஆய்வுகளில் இப்படி மாறிமாறிக் கொடுத்தவை எத்தனை, குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தவை எத்தனை, உண்பதற்கு முன்னும் பின்னும் மட்டும் அளந்துவிட்டு முடித்தவை எத்தனை? எனக்கு மிகவும் தெரிய வேண்டியது இதுதான்.

ஏன் இதை அழுத்திக் கேட்கிறேன் என்றால், முன்-பின் அளவீடு என்னைப் போன்றவர்களை எளிதில் ஏமாற்றிவிடும். வெறும் வயிற்றில் 220 இருக்கும் நாளில்தான் ஒருவர் பயந்துபோய் எங்களிடம் வருகிறார். அடுத்த முறை அளக்கும்போது அது ஓரளவு தானாகவே இறங்கியிருக்கும். அதற்குள் மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருப்பார், நடைப்பயிற்சி தொடங்கியிருக்கும், டீயில் சர்க்கரை நின்றிருக்கும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாவிட்டால், இறங்கியதில் கேழ்வரகின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 15 சதவீதமும் குறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது சிறுதானியக் குழுவின் தொடக்க அளவிலிருந்து கணக்கிட்டதா, ஒப்பீட்டுக் குழுவில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்த பிறகு மிஞ்சியதா? சதவீதத்தோடு மில்லிகிராம் கணக்கையும் ஒரு வரியில் சேர்த்தால் பெரிய உதவியாக இருக்கும். வெறும் வயிற்றில் 160 இருப்பவருக்கு 12 சதவீதம் குறைந்தால் சுமார் 141. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அவர் இன்னும் சர்க்கரை நோய்க்கான 126 என்ற எல்லைக்கு மேலேதான் இருக்கிறார். "குறைந்தது" என்ற செய்தியை மட்டும் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பற்றிய பத்தியில் ஓர் இடத்தில் தயங்கி நின்றேன். நோய்க்கு முந்தைய நிலையில் உள்ளவர்களுக்கு 6.65-இலிருந்து 5.67-ஆகக் குறைந்தது என்று இருக்கிறது. வழக்கமாக அந்த நிலைக்கு நாம் வைக்கும் வரம்பு 5.7 முதல் 6.4 வரை, 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறோம். அப்படியானால் சராசரியே வரம்பைத் தாண்டியிருந்தவர்களை ஆய்வாளர்கள் எந்த அளவுகோலில் வகைப்படுத்தினார்கள்? இந்த ஒரு முடிவுக்கு ஆதாரமாக எத்தனை ஆய்வுகள், எத்தனை பேர்? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், மூன்று மாதத்துக்குக் குறைவாக நடந்த ஆய்வில் எச்பிஏ1சி முழு மாற்றத்தைக் காட்டாது. "நீண்ட காலம்" என்று நீங்கள் எழுதியிருப்பது எத்தனை வாரம்?

கிளைசெமிக் குறியீட்டு ஆய்வுகளைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் நன்றாக இருக்கும். அந்தச் சோதனை பெரும்பாலும் நலமானவர்களிடம் செய்யப்படுவது. 50 கிராம் மாவுச்சத்து தரும் அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் விரல் நுனியில் குத்திக் குத்திச் சர்க்கரையை அளப்பார்கள்; பத்துப் பேர் இருந்தாலே சர்வதேச விதி ஒத்துக்கொள்கிறது. ஒரு வேளை உணவின் போக்கை அறிய அது போதும். நோயாளியின் சர்க்கரை மாதக்கணக்கில் எப்படி இருக்கும் என்பதற்கு அது பதில் ஆகாது. ஆயிரம் பேரில் இந்த இரு வகையினரும் கலந்திருக்கிறார்களா?

அடுத்து, சமையல். பதினொரு வகைச் சிறுதானியங்களின் சராசரிக் கிளைசெமிக் குறியீடு 52.7 என்கிறீர்கள். எங்கள் ஊரில் கேழ்வரகுக் களி கிண்டும்போது பெரும்பாலான வீடுகளில் அரிசி நொய்யை முதலில் வேகவிட்டு, அதன்மேல் மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி உருண்டையாக்குகிறார்கள். ஓர் உருண்டையில் நொய் பாதியா கால்வாசியா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதே மாவை நைசாக அரைத்து, பாலும் வெல்லமும் சேர்த்துக் கஞ்சியாகக் குடிப்பவர்களும் உண்டு. இரண்டையும் "கேழ்வரகு" என்று ஒரே கணக்கில் சேர்த்தால் சராசரியால் எனக்குப் பயன் குறைவு. 65-இல் கேழ்வரகை மட்டும் கொடுத்தவை எத்தனை, அவற்றில் மாவு, முழுத் தானியம், களி, கஞ்சி என்று எந்த வடிவம் என்பதை ஒரு பத்தியில் சொன்னால், நாளைக்கே நான் அதைப் பயன்படுத்துவேன்.

2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் "இதைச் சாப்பிட்டால் எவ்வளவு குறையும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். சாப்பிடச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எவ்வளவு குறையும் என்ற பகுதிக்குத்தான் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரம் இல்லாவிட்டால், ஒப்பீட்டுக் குழு இருந்த ஆய்வுகளின் எண்ணிக்கையையும், சர்க்கரை நோயாளிகள் மட்டும் எத்தனை பேர் என்பதையும் முதலில் தெரிவித்தால் போதும். மற்றவற்றை மூலக் கட்டுரையில் எங்கே தேட வேண்டும் என்று அட்டவணை எண்ணைக் குறித்துவிட்டால் நானே படித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஓர் உணவு ஆலோசகர், தர்மபுரி மாவட்டம்