எடுத்த பந்தைத் திருப்பிப் போட்டியா இல்லையா

எங்க அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. போன ஞாயித்துக்கிழமை நோட்டோட வந்து, "மாமா, எனக்கு 1/169 வருது, புக்குல பின்னாடி 1/221ன்னு போட்டிருக்கு, புக்கு தப்பா?"ன்னு கேட்டா. கணக்கு என்னன்னா, 52 சீட்டு இருக்குற கட்டுல இருந்து அடுத்தடுத்து ரெண்டு சீட்டு எடுக்கணும், எடுத்ததத் திருப்பி வைக்கக் கூடாது, ரெண்டுமே ஏஸா வர நிகழ்தகவு என்ன. அவ 4/52ஐ 4/52ஆல பெருக்கி வச்சிருந்தா. புக்கு சரிதான், ஆனா அவ செஞ்ச தப்பு ரொம்பப் பேரு செய்யுற தப்பு, அதான் அன்னைக்கு அவளுக்குச் சொன்னத இங்க எழுதுறேன்.

வீட்டுல சீட்டுக்கட்டு இல்ல. அவ தம்பியோட கோலிக்குண்டு இருந்துச்சு, அதுல சிவப்பு 5, பச்சை 3 எடுத்து ஒரு மஞ்சப்பையில போட்டேன். கைய விட்டு ஒன்னு எடு பாக்கலாம்னேன், சிவப்பு வந்துச்சு. அதை அவ கையிலயே வச்சுக்கச் சொல்லிட்டு, இப்போ பைக்குள்ள என்ன இருக்கும்மான்னு கேட்டேன். "சிவப்பு 4, பச்சை 3, மொத்தம் 7"ன்னு டக்குன்னு சொன்னா. அவ்ளோதான் விஷயம், அடுத்த குண்டு இந்தப் பையில இருந்துதான் வரப்போகுது, நாம ஆரம்பிச்ச பையில இருந்து இல்ல.

அப்போ ரெண்டும் சிவப்பா வர்றதுக்கு: முதல்ல சிவப்பு 5/8, அது வந்த பிறகு மறுபடி சிவப்பு 4/7. பெருக்குனா 20/56, சுருக்குனா 5/14. மேல இருக்குற எண்ணும் ஒன்னு குறையுது, கீழ இருக்குறதும் ஒன்னு குறையுது. நிறையப் பசங்க கீழ மட்டும் குறைச்சுட்டு 5/8 × 5/7ன்னு எழுதிடுவாங்க, எடுத்த சிவப்பு நம்ம கையில இருக்குறப்போ பைக்குள்ள எப்படி அஞ்சு இருக்கும்?

இதே எடுத்ததத் திருப்பிப் போட்டுக் குலுக்கிட்டு எடுத்தா 5/8 × 5/8, அதாவது 25/64. தசமத்துல பாத்தா அது 0.39, திருப்பிப் போடாதது 0.357. சின்னப் பைங்கிறதால வித்தியாசம் நல்லாத் தெரியுது. பையில சிவப்பு 500, பச்சை 300 இருந்தா? 500/800 × 499/799, கிட்டத்தட்ட 0.3903. திருப்பிப் போட்டா 0.3906. எண்ணூறுல ஒன்னு போனா பைக்கு ஒன்னும் தெரியாது, எட்டுல ஒன்னு போனா தெரியும்.

இப்போ ஒரு சிவப்பு ஒரு பச்சை வேணும்னா என்ன பண்றது. இங்கதான் அவ ரெண்டாவது தடவை மாட்டிக்கிட்டா, 5/8 × 3/7 = 15/56ன்னு எழுதி நிறுத்திட்டா. முதல்ல சிவப்பு வந்து அப்புறம் பச்சை வர்றது மட்டும்தான் அது. முதல்ல பச்சை வந்து அப்புறம் சிவப்பு வந்தாலும் கையில அதே ஜோடிதானே? அது 3/8 × 5/7, அதுவும் 15/56. ரெண்டையும் கூட்டுனா 30/56 = 15/28. ஒரே வழியில அடுத்தடுத்து நடக்குறதப் பெருக்கணும், வேற வேற வழிகளைக் கூட்டணும்.

சரியாத்தான் போட்டோமான்னு பாக்குறதுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கு. ரெண்டும் சிவப்பு 10/28, கலந்து வர்றது 15/28, ரெண்டும் பச்சை 3/8 × 2/7 = 6/56 = 3/28. மூணையும் கூட்டுங்க, 28/28. கூட்டுனது 1 வரலன்னா எங்கயோ ஒரு வழிய விட்டுட்டீங்க, இல்ல ஒன்னையே ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. பரீட்சையில ரஃப் பக்கத்துல இதைப் போட்டுப் பாக்க அரை நிமிஷம் ஆகும், அந்த அரை நிமிஷத்தச் செலவு பண்ணுங்க. இதை வச்சே "குறைந்தது ஒரு பச்சை"ன்னு கேக்குற கணக்கையும் முடிச்சிடலாம், பச்சையே வராம போறதுக்கு 10/28, மிச்சம் 18/28 = 9/14.

"ஒரே நேரத்துல ரெண்டு பந்து எடுக்குறாங்கன்னு கேட்டா?"ன்னா. ஒன்னும் மாறாது, ரெண்டையும் ஒரே பிடியில எடுத்தாலும் ஒன்னு ஒன்னா எடுத்துத் திருப்பிப் போடாம வச்சுக்கிட்டாலும் கடைசியில கையில இருக்குறது அதே ஜோடிதான். nCr தெரிஞ்சவங்க 5C2/8C2ன்னு போடுங்க, 10/28 வரும், நம்ம 5/14 தான் அது.

இப்போ அவளோட ஏஸ் கணக்கு. முதல் ஏஸுக்கு 4/52, அது போன பிறகு 51 சீட்டுல 3 ஏஸ், 3/51. 4/52 × 3/51 = 12/2652 = 1/221. அவ போட்ட 1/169 திருப்பி வச்சா வர்ற விடை. ரெண்டு சீட்டும் ஒரே ஜாதியா வர்றதுக்கு என்னன்னு நான் கேட்டேன், அவ 13/52ல ஆரம்பிச்சா. அது வேண்டாம்மா, முதல் சீட்டு எது வந்தா என்ன, ஆட்டின் வரட்டும் கிளாவர் வரட்டும், அதோட ஜாதியில இன்னும் 12 இருக்கு, மொத்தம் 51, அதனால 12/51 = 4/17. நேராவே முடிஞ்சிடுச்சு. மூணு சீட்டு எடுத்து மூணும் ஆட்டினா இருக்கணும்னு ஜாதியக் குறிச்சுக் கேட்டா மட்டும் 13/52 × 12/51 × 11/50, சுருக்குனா 11/850.

அதுக்கப்புறம் அவ கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "மாமா, முதல் சீட்டை எடுத்துப் பாக்காம கவுத்து வச்சுட்டா? அப்போ ரெண்டாவது சீட்டு ஏஸா இருக்க 4/51ஆ, 3/51ஆ?"

ரெண்டும் இல்ல, 4/52 தான். நம்ப முடியலைல்ல, போட்டே பாப்போம். கவுத்து வச்சது ஏஸா இருந்தா: 4/52 × 3/51. அது ஏஸ் இல்லன்னா: 48/52 × 4/51. மேல 12ம் 192ம் சேர்ந்து 204, கீழ 2652. 204/2652 = 1/13, அதாவது அதே 4/52. முதல் சீட்டு கட்டுல இருந்து போயிடுச்சு, உண்மைதான், ஆனா அது என்னன்னு நமக்குத் தெரியாது. கலைச்சு வச்ச கட்டுல மேல இருந்து ரெண்டாவதா இருக்குற சீட்டு, அம்பத்திரண்டுல எதுவா வேணா இருக்கலாம், அவ்ளோதான். கடைசிச் சீட்டுக்கும் இதே 4/52 தான். கோலிக்குண்டுலயும் அதே மாதிரி, முதல் குண்டைப் பாக்காம பாக்கெட்ல போட்டுக்கிட்டா ரெண்டாவது சிவப்பா இருக்க 5/8 × 4/7 + 3/8 × 5/7 = 35/56 = 5/8. சீட்டு போறதால மட்டும் எண்ணு மாறுறதில்ல, போனது எதுன்னு நாம பாத்ததாலதான் மாறுது. நிபந்தனை நிகழ்தகவுன்னு புக்குல ஒரு பாடம் முழுக்கச் சொல்றது இந்த ஒரு விஷயத்தத்தான்.

காசு சுண்டுறத இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க. பூவா தலையா போட்டு வரிசையா அஞ்சு தடவை தலை வந்துச்சுன்னா ஆறாவது தடவை பூ வரத்தான் வாய்ப்பு அதிகம்னு நிறையப் பேரு நினைக்கிறாங்க, தலை எல்லாம் தீந்து போன மாதிரி. காசுக்குள்ள தீந்து போக ஒன்னும் இல்ல, ஒவ்வொரு தடவையும் 1/2 தான். ஆனா அதே காசைப் பர்ஸ்ல இருந்து எடுத்தீங்கன்னா தீரும். பர்ஸ்ல அஞ்சு ரூபா காசு 4, ரெண்டு ரூபா காசு 6 இருக்கு, ரெண்டு காசு எடுக்குறீங்க, சரியா ஏழு ரூபா வர வாய்ப்பு என்ன? 4/10 × 6/9 + 6/10 × 4/9 = 48/90 = 8/15. பாதிக்குக் கொஞ்சம் மேல. பத்து ரூபா வர 12/90, நாலு ரூபா வர 30/90, கூட்டுங்க, 90/90. ஒன்னு மட்டும் சொல்லிடுறேன், நிஜப் பர்ஸ்ல தடவிப் பாத்தே எது அஞ்சு எது ரெண்டுன்னு விரலுக்குத் தெரிஞ்சிடும், அப்படி எடுத்தா இந்தக் கணக்கு செல்லாது. எல்லாக் காசுக்கும் சம வாய்ப்புன்னு வச்சாத்தான் 4/10ன்னு ஆரம்பிக்கவே முடியும்.

அவளுக்கு மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு ஒரு பழைய கதையும் சொன்னேன். டச்சுக்காரர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657ல நிகழ்தகவு பத்தி ஒரு சின்ன நூல் வெளியிட்டாரு, கடைசியில அஞ்சு கணக்கு குடுத்திருந்தாரு. அதுல ஒன்னு: 12 வில்லை, 4 வெள்ளை, 8 கறுப்பு. மூணு பேரு கண்ணைக் கட்டிக்கிட்டு மாத்தி மாத்தி எடுக்கணும், யாரு முதல்ல வெள்ளை எடுக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. மூணு பேரோட வாய்ப்பு என்ன விகிதம்? எடுத்த கறுப்பைத் திருப்பிப் போடணுமா வேண்டாமான்னு கணக்குல தெளிவா இல்ல. அப்புறம் யாக்கோப் பெர்னூலின்னு ஒரு சுவிஸ் கணித அறிஞர், அவரு இறந்த பிறகு 1713ல வந்த புத்தகத்துல, இதை வேற வேற மாதிரி எடுத்துக்கிட்டுத் தனித்தனியா விடை போட்டுக் காட்டுனாரு. திருப்பிப் போட்டா 9 : 6 : 4. போடலன்னா 77 : 53 : 35.

முதல் ஆளுக்குத் திருப்பிப் போடாத கணக்கை நாங்க சேர்ந்து போட்டோம். முதல் தடவையே வெள்ளை வர 4/12. இல்லன்னா மூணு பேருக்கும் கறுப்பு வந்து மறுபடி அவரு முறை வரணும்: 8/12 × 7/11 × 6/10 × 4/9. அதுவும் இல்லன்னா ஆறு கறுப்பு போயி ஏழாவதா வெள்ளை: 8/12 × 7/11 × 6/10 × 5/9 × 4/8 × 3/7 × 4/6. நாலாவது சுத்து வருமான்னு கேட்டா. பத்தாவதா எடுக்கணும்னா அதுக்கு முன்னாடி ஒன்பது கறுப்பு போயிருக்கணும், இருக்குறதே எட்டு, அதனால இங்கயே நிக்குது. மூணையும் கூட்டுனா 77/165. திருப்பிப் போட்டா கறுப்பு தீரவே தீராது, கூட்டல் முடிவில்லாம போயிக்கிட்டே இருக்கும், அதுல அவருக்கு 9/19.

ரெண்டாவது ஆளோட 53/165ஐ அவளையே போடச் சொல்லிட்டு நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தப்போ 8/12 × 4/11ன்னு ஆரம்பிச்சு எட்டாவது தடவை வரைக்கும் சரியா எழுதியிருந்தா, கூட்டல் மட்டும் பாக்கி இருந்துச்சு.