மாதம் ஒரு புத்தகம்: நம் நூலக வாசிப்பு வட்டத் தொடக்க உரை

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். திருப்பூரில் வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, துணி துவைத்து, வீட்டு வேலை முடித்து, அப்புறம் புத்தகத்துக்காக ஒரு நேரம் ஒதுக்குவது சின்ன காரியம் இல்லை. நானும் செக்கிங் செக்‌ஷனில் நிற்கிறவள்தான், அந்தக் கால்வலி எனக்கும் தெரியும். அதனால்தான் மாதம் ஒரே ஒரு நாள், இரண்டாம் ஞாயிறு நான்கு மணி என்று வைத்தோம். ஆறு மணிக்கு விட்டுவிடுவோம்.

இந்த வட்டம் ஏன் என்று கேட்டால், இதோ இந்த ஒரு புத்தகத்தைக் காட்டுவேன். ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’. போன மாதம் கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் கிடைத்தது. பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பாருங்கள், கடைசி முத்திரை 2013. அதற்கப்புறம் இதை ஒருத்தரும் எடுத்துப் போகவில்லை. தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர் எழுதி 1942-இல் வந்த நாவல், நம்முடைய பேச்சு அதில் அப்படியே இருக்கிறது, நம் தெரு நூலகத்திலேயே தூசி தட்ட ஆளில்லாமல் இருந்திருக்கிறது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே ஐந்து விதிகள் எழுதி வைத்தார், அதில் ஒன்று ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் இந்தத் தெருவிலேயே இருந்தும் புத்தகம் கைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் இந்த வட்டம்.

சரி, முதல் மூன்று புத்தகங்கள்.

முதல் மாதம் ‘நாகம்மாள்’தான். புருஷனை இழந்த ஒரு பெண், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று படித்தால் நெஞ்சு பதறுகிறது. அவள் கேட்டது நியாயமா, கேட்ட விதமா தப்பு, இல்லை கூட இருந்தவர்கள் தூபம் போட்டதா? பூமி பாகம் பிரிக்காத வீடு நம்மில் எத்தனை? கட்டாயம் சண்டை வரும், வரட்டும். ரொம்பப் பெரிய புத்தகம் இல்லை, அதனால் முதலில் வைத்தோம்.

இரண்டாவது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்கிற சக்கிலியப் பையனின் கதை. அவனோடு மேய்கிற பிள்ளைகளின் விளையாட்டும் பசியும் அடியும் எல்லாம் உண்டு. இதைப் பேசும்போது சாதியைப் பேசாமல் நகர முடியாது. இங்கே உட்கார்ந்திருக்கிற நம் தாத்தாக்களில் பண்ணையம் வைத்திருந்தவரும் உண்டு, பண்ணையத்தில் இருந்தவரும் உண்டு. ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல், ஆனால் எதையும் மூடி மறைக்காமல் பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூன்றாவது எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’. நம் ஊர், நம் பனியன் தொழில், ஐந்து நண்பர்கள். தடிமனான நாவல், அதனால் இரண்டு மாதம் எடுத்துக்கொள்வோம். பவர்டேபிள், கட்டிங், டெலிவரி என்று நாம் நாள் முழுக்க புழங்குகிற உலகம் நாவலுக்குள் எப்படி இருக்கிறது என்பதை வெளியூர்க்காரரைவிட நாம்தான் சரியாகச் சொல்ல முடியும்.

அப்புறம் முக்கியமான விஷயம். படித்து முடிக்காமல் வந்தாலும் வாங்க. பாதி படித்தவர் பாதியைப் பேசட்டும், படிக்கவே தெரியாத அமுச்சி இருந்தால் கூட்டி வாருங்கள், நாங்கள் சில பக்கங்களை வாசித்துக் காட்டுவோம். நாகம்மாள் காலத்துக் காட்டு வேலை அவர்களுக்குத்தான் தெரியும். ‘நாகம்மாள்’ இங்கே இரண்டு பிரதிதான் இருக்கிறது, ஒருத்தர் ஒரு வாரம் வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வரிசையை நூலகர் அக்கா நோட்டில் எழுதிக்கொள்வார். பென்சிலில்கூட அடிக்கோடு போட வேண்டாம், பிடித்த இடத்தின் பக்க எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்து எடுத்து வாருங்கள்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிடுங்க, தாள் பறக்கிறது. முதல் அத்தியாயத்தை இப்போதே படிக்கிறேன்.