வாருங்கள், வாருங்கள்!

எல்லோருக்கும் காலை வணக்கம். மதுரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து கோவை வந்திருக்கிறீர்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். சிறுவாணித் தண்ணீர், அதன் சுவையே தனி.

எங்கள் கொங்கு நாட்டில் சின்னக் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்றுதான் அழைப்போம். இன்று நீங்கள் எல்லோரும் என் வீட்டு விருந்தாளிகள். எதையும் தயங்காமல் கேளுங்கள். பாட்டியம்மா, நீங்கள் முன் இருக்கைக்கு வந்துவிடுங்கள், குலுங்காது.

முதலில் அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம். பிறகு பவானி: காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறையில் கால் நனைக்கலாம். அங்கே கைத்தறியில் நெய்த ஜமக்காளத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டை பட்டையாக நிறம், கெட்டி நெசவு. எனக்கு அலுக்காத காட்சி அது.

எல்லோரும் ஏறியாயிற்றா? ஓட்டுநர் அண்ணா, கிளம்பலாம்!