கேட்டது ஒரு மாடல், வந்தது வேறு மாடல்: டிவியை மாற்றித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
செ. முத்துலட்சுமி,
பாளையங்கோட்டை,
திருநெல்வேலி மாவட்டம்.
(வீட்டு முகவரியும் செல்பேசி எண்ணும் உங்கள் பில்லில் உள்ளவையே.)

பெறுநர்:
கடை மேலாளர் அவர்கள்,
வீட்டு உபயோகப் பொருள் விற்பனையகம்,
திருநெல்வேலி ஜங்ஷன்.

நாள்: 24.01.2026

பொருள்: 08.01.2026 அன்று ஆர்டர் செய்த VT55Q92 மாடலுக்குப் பதிலாக VT55Q62 மாடல் டிவி அனுப்பியது. மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொங்கலுக்கு முந்தைய வியாழக்கிழமை, ஜனவரி 8 அன்று, நானும் என் அப்பாவும் உங்கள் கடைக்கு வந்து 55 இன்ச் டிவி ஒன்று ஆர்டர் செய்தோம். விலை ரூ.65,490. வீட்டில் இருந்த பழைய 32 இன்ச் டிவிக்கு எக்ஸ்சேஞ்சில் ரூ.2,500 கழித்தீர்கள். மீதி ரூ.62,990-இல் ரூ.12,990-ஐ அங்கேயே யுபிஐ மூலம் கட்டினேன். பாக்கி ரூ.50,000-க்கு மாதம் ரூ.5,000 வீதம் பத்து மாதத் தவணை போட்டுக் கொடுத்தீர்கள். முதல் தவணை பிப்ரவரி 5-ஆம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து போகும்.

நான் ஏன் அந்த மாடலையே கேட்டு வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 19-ஆம் தேதி நேரில் வந்தபோது, "இதுவும் அதே கம்பெனிதான், அதே சைஸ்தான், இதுவும் ஃபோர்-கேதான்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எனக்கு அது பதில் ஆகவில்லை.

அப்பாவுக்கு 78 வயது. இரண்டு காதும் மந்தம். டிவி சத்தத்தை அவருக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். எங்களுக்கு ஏற்ற மாதிரி வைத்தால் அவர் வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்காகத்தான் கழுத்தில் மாட்டும் புளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம். ஆனால் பல டிவிகளில் ஹெட்போனை இணைத்ததும் ஸ்பீக்கர் நின்றுவிடும். இரண்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் வரும் டிவி வேண்டும், அதுவும் ஹெட்போன் சத்தத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும் என்றுதான் உங்கள் விற்பனையாளர் தம்பியிடம் கேட்டேன். அவர் மூன்று டிவிகளை ஒதுக்கிவிட்டு VT55Q92-ஐக் காட்டினார். அப்பாவின் ஹெட்போனையே அதில் இணைத்து, சவுண்ட் மெனுவுக்குள் போய், இரண்டையும் ஒன்றாக ஓட விட்டார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எல்லாம் தெளிவா கேக்குதும்மா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் ஸ்பீக்கரில் அதே செய்தி சாதாரணமாகக் கேட்டது. பட்ஜெட்டுக்கு மேல் பதினைந்தாயிரம் போனாலும் பரவாயில்லை என்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான். அந்தத் தம்பி பொறுமையாக எல்லாம் காட்டினார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஜனவரி 13 இரவு எட்டரை மணிக்கு மேல் உங்கள் வேன் வந்தது. போகிக்கு முந்தைய நாள், இன்னும் நான்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். "பெட்டியைப் பிரிக்காதீங்க, நாளைக்கு எங்க டெக்னீசியன் வந்துதான் பிரிக்கணும், இல்லன்னா வாரன்டி போயிடும்" என்று சொல்லி ஓடிபி வாங்கிக்கொண்டு, பழைய டிவியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பெட்டி மேல் இருந்த ஸ்டிக்கரை நான் படித்துப் பார்க்கவில்லை. அது உண்மைதான். ஆனால் ஓடிபி கொடுத்தது பெட்டி வந்து சேர்ந்ததற்கு. பெட்டிக்குள் இருப்பது நான் கேட்ட பொருள்தான் என்பதற்கு அல்ல.

மறுநாள் காலை உங்கள் டெக்னீசியன் வந்து, அவரே பிரித்து, சுவரில் நான்கு துளை போட்டு மாட்டினார். ஆன் செய்ததும் அப்பா ஹெட்போனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இணைத்தவுடன் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. சவுண்ட் மெனுவில் எங்கே தேடியும் அந்த வசதி இல்லை. செட்டிங்ஸில் 'About' பக்கத்தைத் திறந்தால் VT55Q62 என்று இருந்தது. பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்தோம், அதிலும் அதேதான். ஆனால் நீங்கள் கொடுத்த பில்லில் VT55Q92. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். டெக்னீசியனும் பில்லையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாடல் மாறி வந்திருக்கும்மா, கடைல சொல்லுங்க" என்றார். அவர் எங்களிடம் தந்த இன்ஸ்டலேஷன் சீட்டிலும் VT55Q62 என்றே எழுதியிருக்கிறார். அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

இரண்டு மாடலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வசதி மட்டும் அல்ல. நான் பணம் கட்டியது 120 ஹெர்ட்ஸ் திரைக்கு. வந்திருப்பது 60 ஹெர்ட்ஸ். அதில் நான்கு எச்டிஎம்ஐ போர்ட், இதில் மூன்று. உங்கள் கடையிலேயே VT55Q62-க்கு ரூ.47,990 என்று விலை ஒட்டியிருந்ததை 19-ஆம் தேதி பார்த்தேன், படமும் எடுத்திருக்கிறேன். அதாவது ரூ.47,990 டிவிக்கு என்னிடம் ரூ.65,490-க்குப் பில் போட்டிருக்கிறீர்கள். பில்லில் பொருளின் மதிப்பு ரூ.55,500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.9,990. எனக்கு வராத பொருளுக்கு நான் வரியும் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனியின் இணையதளத்தில் வாரன்டி பதிவு செய்யப் பார்த்தேன். டிவியின் சீரியல் எண்ணைப் போட்டால் VT55Q62 என்று காட்டுகிறது, பில்லில் இருக்கும் மாடலோடு பொருந்தவில்லை என்று பதிவை ஏற்க மறுக்கிறது. நாளைக்கு இந்த டிவி பழுதானால் நான் எந்தப் பில்லைக் காட்டி யாரிடம் போவேன்? நீங்கள் சொல்கிறபடி "இதையே வைத்துக்கொள்ள" நான் சம்மதித்தாலும், கையில் வாரன்டி இல்லாத ஒரு டிவிதான் இருக்கும்.

14-ஆம் தேதி சாயங்காலமே கடைக்குப் போன் செய்தேன். பொங்கல் விடுமுறை முடியட்டும் என்றார்கள். சரி என்று காத்திருந்தேன். 19-ஆம் தேதி நேரில் வந்தேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் எடுக்க முடியாது என்றீர்கள். பிரித்தது உங்கள் ஆள். அவர் வரும்வரை நாங்கள் ஒரு டேப்பைக்கூடத் தொடவில்லை. அப்புறம், மாற்றுவதாக இருந்தாலும் நானே ஆட்டோ வைத்து டிவியைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்றீர்கள். கடைசியாக, பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டினீர்கள். விற்ற பொருளை நான் திருப்பவில்லை. நீங்கள் எனக்கு விற்ற பொருள் இன்னும் என் வீட்டுக்கு வரவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் விசாரித்துத்தான் எழுதுகிறேன். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15-இன்படி, விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது பிரிவு 41. எனக்கு அந்த வாய்ப்பு 14-ஆம் தேதி காலையில்தான் கிடைத்தது, அன்றைக்கே சொல்லிவிட்டேன். வேறு பேச்சு இல்லாதபோது, மறுத்த பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து தரும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுத்த விஷயத்தை விற்றவருக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது பிரிவு 43. ஆகவே ஆட்டோ வைத்துக் கொண்டுவர வேண்டியது என் வேலை அல்ல. VT55Q62-ஐ நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை இந்தக் கடிதம் மூலம் எழுத்திலும் தெரிவிக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். ஆர்டர் செய்த VT55Q92 மாடலை, சீல் பிரிக்காத புதுப் பெட்டியில், பிப்ரவரி 3-ஆம் தேதிக்குள் என் வீட்டுக்கு அனுப்பி, இப்போது மாட்டியிருப்பதை உங்கள் செலவில் கழற்றி எடுத்துக்கொண்டு, புதியதை மாட்டித் தர வேண்டும். பழைய துளைகள் பொருந்தாவிட்டால் அவற்றை அடைத்துத் தருவதும் உங்கள் பொறுப்பு. புது டிவியின் சீரியல் எண்ணோடு சரியான பில்லும் வேண்டும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஸ்டிக்கரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மாடல் இருப்பில் இல்லை என்றால், அதைவிட மேலான மாடல் என்று நீங்களாக எதையும் அனுப்ப வேண்டாம். கட்டிய ரூ.12,990-ஐயும், எக்ஸ்சேஞ்சில் எடுத்துப் போன டிவிக்கான ரூ.2,500-ஐயும் திருப்பிக் கொடுத்து, பிப்ரவரி 5-ஆம் தேதித் தவணை பிடிக்கப்படுவதற்கு முன் கடனை ரத்து செய்து, அதற்கான கடிதத்தை நிதி நிறுவனத்திடமிருந்து வாங்கித் தாருங்கள். இரண்டில் எது என்பதை ஜனவரி 30-க்குள் எழுத்தில் சொல்லுங்கள். போனில் சொன்னது போதும் ஐயா, மூன்று முறை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 3-க்குள் இது முடியவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். அதற்கும் பலன் இல்லாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்ட மனுவுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நானே வாதாடலாம். அப்போது டிவியோடு மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் செலவையும் சேர்த்தே கேட்பேன். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டு மிக்ஸியும் ஃபிரிட்ஜும் உங்கள் கடையில் வாங்கியவைதான், ஒரு குறையும் வந்ததில்லை.

இப்போது ராத்திரி ஏழு மணிச் செய்திக்கு அப்பா ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் அம்மாவுக்குச் சத்தம் இல்லை. அம்மா தொடர் பார்க்க உட்கார்ந்தால், அப்பா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் திண்ணைக்கு எழுந்து போகிறார். "பரவாயில்லம்மா, விடு" என்கிறார். நான் விடப்போவதில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செ. முத்துலட்சுமி

இணைப்பு: 08.01.2026 தேதியிட்ட பில் நகல், யுபிஐ ரசீது, தவணை ஒப்பந்த நகல், இன்ஸ்டலேஷன் சீட்டின் நகல், பெட்டி ஸ்டிக்கர், டிவியின் 'About' பக்கம், கடையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு ஆகியவற்றின் படங்கள், வாரன்டி பதிவு மறுக்கப்பட்ட திரையின் படம்.

(இந்தக் கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பப்படுகிறது. ஒரு நகல் உங்கள் கடையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.)