நீதிமன்ற உற்றுநோக்கல் அறிக்கை: எழும்பூர் நடுவர் நீதிமன்றம்

வழக்கு: கைப்பேசித் திருட்டு. நிலை: சாட்சி விசாரணை.

மேடையில் நடுவர், கீழே பெஞ்ச் கிளார்க், தட்டச்சர். சாட்சிக் கூண்டு ஒருபுறம், குற்றம் சாட்டப்பட்ட எதிரி நிற்கும் கூண்டு மறுபுறம். மின்விசிறி இரைச்சலில் பின்வரிசைக்குப் பாதி கேட்கவில்லை.

டவாலி பெயர் கூப்பிட்டதும், பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி ஏறினார். முதல் விசாரணையில், “ஸ்டேஷன்லதான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். அரசு உதவி வழக்கறிஞர் அவரை, அழைத்த தரப்புக்கே மாறாகச் சொல்லும் பிறழ்சாட்சியாகக் கருதக் கோரினார். பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 157இன்படி நடுவர் அனுமதித்ததும் தம் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்தார். பிறழ்ந்தாலும் சாட்சியம் முழுதும் தள்ளுபடியாகாது. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம்.

சிந்தனை: குறிப்பேட்டில் ‘பொய் சொன்னார்’ என்றிருந்ததை ‘கையெழுத்திட்ட இடத்தை மாற்றிச் சொன்னார்’ எனத் திருத்தினேன். முன்னது அனுமானம், பின்னது கண்டது. எதிரிக் கூண்டில் நின்றவர் வழக்கறிஞர் முகத்தையே பார்த்திருந்தார். நடப்பது புரிகிறதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.