பேட் தானே போகவில்லை

டேய் தம்பி, பிறந்தநாள் வாழ்த்துகள்டா!

இருபத்தைந்து வயதாகிவிட்டது உனக்கு. நீ கடித்த தழும்புக்குப் பத்தொன்பது. வலது முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது. போன மாதம் வளையல் கடையில் ஒரு அம்மா, "நாய் கடியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எதற்குக் கடித்தாய், ஞாபகம் இருக்கா? பண்ருட்டியிலிருந்து மாமா கொண்டுவந்த பலாப்பழம். அம்மா சுளையை எண்ணி ஆளுக்குப் பன்னிரண்டு என்று பிரித்தார். நான் உன் தட்டில் இருந்து ஒன்று எடுத்தேன். ஒன்றே ஒன்று. (சரி, மூன்று.) அதற்கு அந்தக் கடி! அப்புறம் அடி எனக்குத்தான் விழுந்தது. "நீதானே பெரியவ, விட்டுக்கொடுக்கக் கூடாதா?" உன்னைவிட நான்கே வருடம் பெரியவளாகப் பிறந்த குற்றத்துக்கு இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்!

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கும் அப்படித்தான். ரெட்டிச்சாவடி வரைக்கும் நீ, அங்கிருந்து நான் என்று அப்பா எல்லை போட்டுக் கொடுத்தார். நீ ஒவ்வொரு முறையும் ரெட்டிச்சாவடி வரும் நேரம் பார்த்துத் தூங்கிவிடுவாய். அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். முழியுருளுவது மூடிய இமைக்குள் தெரியுமடா.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் போட்டுக் கொடுக்காதே.

2011 டிசம்பர். நீ என் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டில் இருந்த தவளைக்கு மீசை வரைந்தாய். அந்தக் கோபத்தில் உன் கிரிக்கெட் பேட்டை எடுத்துப்போய் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாலு நாள் அழவிட்டு, புதுவருஷத்தன்று கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். 30-ஆம் தேதி காலை தானே புயல் வந்தது. தொட்டி பக்கத்துத் தெருவில் கிடைத்தது. பேட் கிடைக்கவே இல்லை. கரண்டு இல்லாத அத்தனை நாளும் விழுந்த முருங்கை மரத்துக்கு அடியில், சாக்கடையில் என்று நீ தேடிக்கொண்டே இருந்தாய். "பேட் எங்கேக்கா?" என்று கேட்டபோது, "தானே போயிடுச்சுடா" என்றேன். நீ புயலைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

புயலுக்கு முந்தின ராத்திரி காற்று ஊளையிட்டபோது என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாய். பேட்டை ஒளித்து வைத்தவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள், பாவி.

உன் ஓசூர் ரூமுக்கு ஒரு நீளமான பார்சல் வரும். இங்கிலீஷ் வில்லோ எல்லாம் கட்டுப்படியாகவில்லை, காஷ்மீர் வில்லோதான். எண்ணெய் தடவிவிட்டு ஆடு.

பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. தேவனாம்பட்டினம் பீச்சில் நான்தான் முதலில் பேட்டிங்.

— அக்கா